160க்கும் அலாரம், 80க்கும் அலாரம். 52க்கு மட்டும் நான் எழுந்திருக்கவில்லை

மலர்விழி | மார்ச் 4, காலை 7.10

சர்க்கரை அலாரத்தின் அளவை இறுக்கமாக வைத்தால் பாதுகாப்பு என்று இனி யார் சொன்னாலும் நம்பப்போவதில்லை. எனக்கு டைப் 1 சர்க்கரை நோய். பேனாவால் இன்சுலின் ஊசி போடுகிறேன், கையில் சர்க்கரை அளவைக் காட்டும் சென்சார். மாட்டிய அன்றே மேல் எச்சரிக்கை 160, கீழ் எச்சரிக்கை 80 என்று வைத்துக்கொண்டேன். சாப்பிட்டால் கத்தும், நடந்தால் கத்தும், சும்மா உட்கார்ந்திருந்தாலும் கத்தும். பார்க்காமலே விரல் போய் அமுக்கிவிடும் அளவுக்குப் பழகிவிட்டது. நேற்று இரவு 52க்கு இறங்கியிருக்கிறது. என்னை எழுப்பியது அலாரம் இல்லை, அலாரம் கேட்டு எழுந்த வீட்டுக்காரர்.

இப்போது எண்ணியிருப்பது: மேல் அலாரத்தை மொத்தமாக அணைப்பது, கீழ் அளவை 60க்கு இறக்குவது. குறைவாகக் கத்தினால்தானே கத்தும்போது கவனிப்பேன்? இப்படிச் செய்தவர்கள் சொல்லுங்கள்.

வேகநடை | மார்ச் 4, காலை 8.02

நான் 60தான் வைத்திருக்கிறேன். மேல் அலாரம் கிடையாது. ஒரு பிரச்சினையும் இல்லை. 70க்கு வரும்போதே எனக்குக் கை நடுங்கிவிடும், அப்புறம் மெஷின் எதற்கு? அதையும் தாண்டினால் 55இல் இன்னொரு அலாரம் தானாக அடிக்கும், என் கருவியில் அதை அணைக்கவும் முடியாது. தாராளமாக இறக்குங்கள்.

அப்பாவுக்காக | மார்ச் 4, காலை 9.40

எனக்குப் புரியவில்லை. எங்கள் டாக்டர் 70இலிருந்து 180க்குள் இருக்க வேண்டும் என்றார். அதைத்தானே அலாரமாகவும் வைக்க வேண்டும்? அப்பாவுக்கு 76 வயது, டைப் 2, கிளிமிபிரைடு மாத்திரை. அவர் போனிலும் என் போனிலும் 70, 180 என்று வைத்திருக்கிறேன். ஆபீசில் மீட்டிங்கில் உட்கார முடியவில்லை.

பழைய ஊசி | மார்ச் 4, மதியம் 1.15

மூன்று பேரும் மூன்று வேறு கேள்வி கேட்கிறீர்கள். முதலில் மலர்விழி. அந்த இரவின் அளவுகளை நேரத்தோடு போடுங்கள். படுக்கப் போகும் முன் போட்ட ஊசி எல்லாம் சேர்த்து. எண்ணைப் பார்க்காமல் 60 சரியா 80 சரியா என்று பேசுவதில் பயனில்லை.

மலர்விழி | மார்ச் 4, மதியம் 2.30

இதோ. எல்லாம் மி.கி./டெ.லி.

9.30க்குச் சாப்பாடு, அதற்கான ஊசி போட்டுவிட்டேன். 10.20க்கு மேல் அலாரம், 165. இரண்டு யூனிட் போட்டேன். 10.55க்கு மறுபடி அலாரம், 190. எரிச்சலில் இன்னும் இரண்டு யூனிட். எனக்கு ஒரு யூனிட் சுமார் 30 இறக்கும். படுத்துவிட்டேன்.

1.10க்கு 112, சாய்ந்த கீழ் அம்பு. 1.25க்கு 94. 1.35க்கு 80, அலாரம் அடித்திருக்கிறது, அணைத்தும் இருக்கிறேன்; நினைவே இல்லை. 1.45க்கு 68. 1.55க்கு 57. 2.00க்கு 52. சர்க்கரைத் தண்ணீர் குடித்தபின் 2.30க்கு மேல்தான் ஏற ஆரம்பித்தது.

பழைய ஊசி | மார்ச் 4, இரவு 9.50

நன்றி. இதில் எல்லாமே இருக்கிறது.

1.10இலிருந்து 2.00 வரை 50 நிமிடத்தில் 60 இறங்கியிருக்கிறது. நிமிடத்துக்கு 1.2 என்று வையுங்கள். அதிவேகம் ஒன்றும் இல்லை, ஆனால் நிற்கவும் இல்லை. இதோடு இரண்டு தாமதங்களைச் சேர்க்க வேண்டும். சென்சார் பார்ப்பது ரத்தத்தை இல்லை, தோலுக்கடியில் உள்ள திரவத்தை. இறங்கும்போது அது ரத்தத்துக்குச் சில நிமிடம் பின்னால் வரும். எட்டு நிமிடம் என்று வைத்தால், திரை 80 என்று சொல்லும்போது ரத்தம் 70ஐ நெருங்கிவிட்டிருக்கும். அடுத்த தாமதம் வயிற்றில்: குடித்த சர்க்கரை வேலையைக் காட்ட 15 நிமிடம். அதற்குள் இன்னும் 18 போய்விடும்.

அதாவது 80 அலாரத்துக்கு அப்போதே எழுந்து குடித்திருந்தாலும் ரத்தத்தில் 52 வாக்கில் போய்த்தான் திரும்பியிருப்பீர்கள். 70 வைத்திருந்தால் 42. நீங்கள் வைக்க நினைக்கும் 60க்கு, 32. இது தோராயக் கணக்குதான். போகப்போக இறக்கம் குறையலாம், சென்சாரே 10, 15 முன்பின் காட்டலாம். ஆனால் போகும் திசை இதுதான். கீழ் அலாரத்தில் நாம் குறிப்பது ஆபத்து தொடங்கும் இடத்தை இல்லை. எழுந்து, குடித்து, அது வேலை செய்யும்வரை எவ்வளவு நேரம் வேண்டுமோ, அந்த நேரத்தை.

வேகநடைக்கு 60 ஒத்துவருகிறது என்றால், 70லேயே அவர் கை நடுங்குகிறது. உண்மையில் அதுதான் அவருடைய அலாரம், மெஷின் வெறும் துணை. தூங்கும்போது அந்த நடுக்கம் எழுப்புமா என்பது வேறு கேள்வி. மலர்விழிக்கு 52இல் என்ன தெரிந்தது?

மலர்விழி | மார்ச் 4, இரவு 10.05

ஒன்றும் தெரியவில்லை. வியர்வைகூட இல்லை. அதுதான் பயம்.

பழைய ஊசி | மார்ச் 4, இரவு 10.20

அப்படியானால் 60 என்ற பேச்சே வேண்டாம். அடிக்கடி தாழ்ந்தால் உடம்பு எச்சரிப்பதை விட்டுவிடும். சில வாரம் தாழாமல் பார்த்துக்கொண்டால் அந்த உணர்வு பலருக்குத் திரும்புகிறது. அதுவரை உங்கள் கீழ் அளவு மற்றவர்களைவிட உயரத்தில்தான் இருக்க வேண்டும். டாக்டரிடமும் இதைச் சொல்லுங்கள். உணர்வு போயிருப்பது தெரிந்தால் ஊசி அளவையே அவர் வேறு மாதிரி பார்ப்பார்.

இன்னொன்று. 1.35 அலாரத்தை உண்டாக்கியது எது என்று பாருங்கள். 10.20 அலாரம்தான்.

மலர்விழி | மார்ச் 5, காலை 6.40

அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கமே வரவில்லை. உங்கள் புண்ணியத்தில் அலாரம் இல்லாமலே விழித்திருந்தேன்.

சரிதான். சாப்பிட்டு 50 நிமிடத்தில் 165 என்றால், 9.30க்குப் போட்ட ஊசி அப்போதுதான் வேகம் பிடிக்கிறது. எனக்கு அது உச்சத்துக்கு வர ஒன்றரை மணி நேரம் ஆகிறது, முழுவதும் தீர நாலு மணி நேரம். அதற்குள் அலாரம் அடித்ததென்று நாலு யூனிட் மேலே ஊற்றியிருக்கிறேன். நாலு முப்பது 120. இருந்தது 190. சும்மா விட்டிருந்தாலே இறங்கியிருக்கும்.

பழைய நாட்களின் வரைபடத்தையும் திருப்பிப் பார்த்தேன். ராத்திரி இறக்கங்களில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் ஒரு மேல் அலாரமும், கூடவே ஓர் எரிச்சல் ஊசியும் இருக்கிறது. 160இல் அலாரம் வைத்துக்கொண்டு நானே எனக்கு இறக்கம் வரவழைத்திருக்கிறேன்.

வேகநடை | மார்ச் 5, காலை 7.55

அதனால்தான் மேல் அலாரம் வேண்டாம் என்றேன் :)

குழாய்க்காரி | மார்ச் 5, காலை 11.10

வேகநடை, உங்களுக்கு வேண்டாமாக இருக்கலாம். இன்சுலின் பம்ப் போட்டிருப்பவர்கள் யாராவது இதைப் படித்துவிட்டு அணைத்துவிடப் போகிறார்கள், அதனால் சொல்கிறேன். பம்பில் நீண்டநேர இன்சுலின் கிடையாது. வயிற்றில் இருக்கும் சின்னக் குழாய் மடங்கினால் சில மணி நேரத்தில் உடம்பில் இன்சுலினே இல்லாத நிலை. எனக்கு இரவில் மடங்கியது. 250 அலாரம் எழுப்பியதால் குழாயை மாற்றி, கீட்டோன் பார்த்து, பேனாவால் ஊசி போட்டுத் தப்பித்தேன். மேல் அலாரம் இல்லாமல் காலையில் எழுந்திருந்தால் வாந்தியோடுதான் எழுந்திருப்பேன்.

பழைய ஊசி | மார்ச் 5, மதியம் 1.30

ஆமாம். அணைக்க வேண்டாம், உயர்த்துங்கள். மேல் அலாரத்துக்கு நான் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: அது அடித்தால் அந்த நிமிடம் நான் செய்ய ஏதாவது இருக்கிறதா? சாப்பாட்டுக்குப் பின் 165க்குச் செய்ய ஒன்றும் இல்லை, காத்திருப்பதைத் தவிர. 250க்கு இருக்கிறது. ஊசி மறந்ததா, குழாய் மடங்கியதா, காய்ச்சலா என்று பார்க்கலாம்.

பல செயலிகளில் மேல் அலாரத்துக்குத் தாமதம் வைக்கும் வசதி உண்டு. அளவு அந்த எண்ணுக்கு மேலே அத்தனை நிமிடம் தொடர்ந்து நின்றால்தான் அடிக்கும். 200, தாமதம் 60 நிமிடம் என்று வைத்தால், சாப்பாட்டு ஏற்றம் ஏறி இறங்கிவிடும், சத்தம் வராது. ஏறி அங்கேயே உட்கார்ந்துகொண்டால் மட்டும் வரும்.

அப்பாவுக்காக: 70-180 என்பது நாள் முழுவதிலும் எவ்வளவு நேரம் அதற்குள் இருந்தோம் என்று பார்க்கும் பட்டை. நாளில் 70 சதவீதம் அதற்குள் இருந்தாலே வயதுவந்தவர்களுக்கு நல்ல கட்டுப்பாடு என்கிறது 2019இல் வந்த சர்வதேசப் பரிந்துரை. மீதி நேரம் வெளியே போகும் என்பது அதிலேயே இருக்கிறது. பட்டையின் ஓரத்தில் அலாரம் வைத்தால், எல்லாம் நன்றாகப் போகிற நாளிலும் மணி அடித்துக்கொண்டேதான் இருக்கும்.

அப்பாவுக்காக | மார்ச் 5, மாலை 6.20

அப்படியானால் அப்பாவுக்கு எவ்வளவு வைப்பது? 180ஐத் தாண்டியதும் நான் போன் போடுவேன். அவர் “என்னடா மறுபடியும்” என்பார்.

பழைய ஊசி | மார்ச் 5, இரவு 9.15

அவர் வயதுக்குப் பட்டையே தளர்வு. முதியவர்களுக்குப் பாதி நேரம் உள்ளே இருந்தால் போதும், ஆனால் 70க்குக் கீழே ஒரு சதவீதம்கூடப் போகக்கூடாது என்கிறது அதே பரிந்துரை. ஒரு சதவீதம் என்றால் நாளுக்குக் கால்மணி நேரம். கவலைப்பட வேண்டியது கீழ்ப் பக்கம்தான். கிளிமிபிரைடு இறக்கிவிடும் மாத்திரை. ஒருவேளை சாப்பாடு தவறினால் போதும். அவர் போனில் கீழ் அளவு 80, மேலே 250 அல்லது அதற்கும் மேல் என்று டாக்டரைக் கேட்டு வையுங்கள்.

உங்கள் போன் வேறு. பின்தொடரும் செயலியில் தனி அளவு வைக்கலாம். சிலவற்றில் தாமதமும் உண்டு. அவருக்கு அடித்து, 20 நிமிடம் ஆகியும் ஏறவில்லை என்றால் மட்டும் உங்களுக்கு அடிக்கட்டும். 55க்கு மட்டும் இருவருக்கும் உடனே. 70க்குக் கீழே அடிக்கடி போகிறார் என்றால் அலாரத்தை மாற்றுவதில் தீர்வு இல்லை, மாத்திரை அளவைப் பற்றிப் பேச வேண்டும்.

மலர்விழி | மார்ச் 6, காலை 6.55

நேற்று மேல் அளவை 200, தாமதம் 60 என்று மாற்றினேன். வீடு அமைதி. வீட்டுக்காரர் “சென்சார் கழன்றுவிட்டதா?” என்று கேட்டார்.

கீழ் அளவில்தான் குழப்பம். பழைய ஊசி அண்ணா கணக்குப்படி பார்த்தால் இரவில் 90 வைக்க வேண்டும் போலிருக்கிறது. 90இல் வைத்தால், அன்று ரத்தம் 62 வாக்கில் திரும்பியிருக்கும். ஆனால் நான் பல இரவுகள் 85, 88 என்று சமதளமாகப் படுத்துக்கிடக்கிறேன். அப்போதெல்லாம் விடிய விடிய அடிக்குமே?

பழைய ஊசி | மார்ச் 6, காலை 8.30

அடிக்கும். ஒரே எண்ணால் இரண்டு இரவுகளையும் காக்க முடியாது. 85இல் சமமாக நிற்பது வேறு, 85ஐக் கடந்து விழுந்துகொண்டிருப்பது வேறு. அதற்குத்தான் முன்கணிப்பு அலாரம். டெக்ஸ்காம் சென்சாரில் Urgent Low Soon என்று இருக்கும். இன்னும் 20 நிமிடத்துக்குள் 55க்குப் போய்விடும் என்று தெரிந்தால் அடிக்கும். உங்கள் அன்றைய வேகத்துக்குக் கணக்குப் போடுங்கள்: 20 நிமிடம், 1.2 வீதம் 24. 55ஓடு 24, 79. நிமிடத்துக்கு 2 இறங்கினால் 95லேயே அடிக்கும். 75இல் அசையாமல் இருந்தால் அடிக்கவே அடிக்காது. வேகத்துக்கு ஏற்றபடி தானே ஏறி இறங்கும் அளவு என்று சொல்லலாம். அது இயக்கத்தில் இருந்தால், சாதாரணக் கீழ் அளவை 70, 75இல் விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்பது என் கருத்து.

குழாய்க்காரி | மார்ச் 6, காலை 10.05

அவருக்கு இறக்கம் உணராத பிரச்சினை இருக்கிறதே. முன்கணிப்பும் 79இல்தான் அடிக்கும் என்றால், அதே 52 வரை போவார் என்று நீங்களே கணக்குப் போட்டீர்களே? உணர்வு திரும்பும்வரை இரவில் 80க்குக் கீழே வைக்கக் கூடாது என்பேன்.

பழைய ஊசி | மார்ச் 6, மதியம் 12.40

நியாயம்தான். மெதுவாக, நிற்காமல் இறங்கும் இரவில் முன்கணிப்பு பெரிதாக உதவாது. வேகமாக விழும்போதுதான் அதன் பலம் தெரியும். அவருக்கு இப்போதைக்கு இரவு 80, கூடவே முன்கணிப்பும் என்று வைத்துக்கொள்வோம். படுக்கும்போது ஊசி மிச்சம் ஓடிக்கொண்டிருந்தால் அந்த இரவுக்கு மட்டும் 90. முன்கணிப்பு இல்லாத கருவி வைத்திருப்பவர்களும் கீழ் அளவை 80க்கு மேலே வைப்பதே நல்லது.

மலர்விழி | மார்ச் 9, காலை 5.50

பொய் அலாரம் ஒன்று. 3.10க்கு 104. 3.15க்கு 71. 3.20க்கு 54. அவசர அலாரம் கத்தி வீடே எழுந்துவிட்டது. இந்த முறை நானே எழுந்தேன், அது ஒரு நல்ல சேதி. சர்க்கரையை எடுக்கும் முன் விரலில் குத்திப் பார்த்தால் 97. சென்சார் இருக்கும் கையை அடியில் போட்டுப் படுத்திருக்கிறேன். புரண்டு படுத்ததும் 3.35க்கு 99.

இதற்காகக் கீழ் அளவை இறக்கலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது.

பழைய ஊசி | மார்ச் 9, காலை 8.10

வேண்டாம். நசுங்கல் இறக்கம் உங்கள் எந்த அளவையும் ஒரே தாவலில் தாண்டிவிடும். 60 வைத்தாலும் அடிக்கும், 80 வைத்தாலும் அடிக்கும். அடுத்த சென்சாரை நீங்கள் படுக்காத பக்கம் மாட்டுங்கள். வரைபடத்தில் அடையாளம் சுலபம்: உண்மை இறக்கம் சரிவாக வரும், இது செங்குத்தாக விழுந்து செங்குத்தாக ஏறும். ஆனால் தூக்கக் கலக்கத்தில் வரைபடத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். விரலில் குத்துங்கள். குத்த முடியாத நிலை என்றால் சர்க்கரையை எடுத்துவிடுங்கள். 97இல் இருப்பவர் எடுத்தால் 150 ஆகும், அவ்வளவுதான்.

வேகநடை | மார்ச் 9, இரவு 8.45

ஒரு சந்தேகம். நேற்று மாலை 62. 15 கிராம் சர்க்கரை எடுத்தேன், 15 நிமிடம் கழித்தும் 58 என்று அலாரம். இன்னொரு 15 கிராம். அப்புறமும் அடித்தது, இன்னொன்று. கடைசியில் 240. அலாரத்தை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்ப அடிக்கும்படி வைத்திருக்கிறேன். அது தப்பா?

மலர்விழி | மார்ச் 9, இரவு 9.00

70லேயே கை நடுங்கும் என்றவர் 62 வரை எப்படிப் போனீர்கள்? நடுங்கவில்லையா? (கோபப்படாதீர்கள், நானும் அப்படித்தான் இருந்தேன்.)

நீங்கள் கேட்டதற்கு: 58 என்று திரை காட்டும்போது ரத்தம் ஏற்கெனவே ஏறத் தொடங்கியிருக்கும். முதல் 15 கிராம் வேலை செய்வதைச் சென்சார் பார்க்கும் முன்பே அலாரம் திரும்பத் திரும்பக் கத்தி உங்களைத் தின்ன வைக்கிறது. நான் திரும்ப அடிக்கும் இடைவெளியை 30 நிமிடம் ஆக்கிவிட்டேன். 15 நிமிடத்தில் விரலில்தான் பார்க்கிறேன். 55 அலாரம் தனியாக இருக்கிறது, அதை யாரும் தொட வேண்டாம்.

வேகநடை | மார்ச் 9, இரவு 9.30

கொஞ்சம்தான் நடுங்கியது. டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். சரி, 70க்கு ஏற்றுகிறேன். 80 எல்லாம் முடியாது.

மலர்விழி | மார்ச் 17, இரவு 10.15

மேல் அளவைப் பற்றி மறுயோசனை. இன்று மதியம் சாப்பாட்டு ஊசியே மறந்துவிட்டது. 200ஐத் தாண்டியது 1.50க்கு, தாமதம் 60 என்பதால் 2.50க்குத்தான் அடித்தது, அப்போது 287. பழைய 160 இருந்திருந்தால் ஒரு மணி நேரத்துக்கு முன்பே தெரிந்திருக்கும். பழையபடி போகப்போவதில்லை, ஆனால் தாமதத்தை 30 ஆக்கலாமா என்று ஓடுகிறது.

பழைய ஊசி | மார்ச் 17, இரவு 10.50

உங்களுக்கு நீண்டநேர ஊசி உள்ளே இருக்கிறது. ஒரு மணி நேரம் 287 ஆபத்தில்லை. குழாய்க்காரிக்கு என்றால் வேறு மாதிரி சொல்வேன். 30 ஆக்கினால் சாதாரணச் சாப்பாட்டு ஏற்றங்கள் மறுபடி உள்ளே வரும். ஊசி மறப்பதற்குத் தனியாகச் சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு நினைவூட்டல் வையுங்கள். அதைச் சர்க்கரை அலாரத்தின் தலையில் கட்டாதீர்கள்.

குழாய்க்காரி | மார்ச் 18, காலை 7.20

நான் தாமதம் 45 நிமிடம் வைத்திருக்கிறேன், பம்போடு. எனக்குச் சரியாக இருக்கிறது. கூடவே சிக்னல் இழப்பு அலாரத்தையும் எல்லாரும் ஒருமுறை பாருங்கள். போனை அடுத்த அறையில் சார்ஜுக்குப் போட்டால் சென்சாரோடு தொடர்பு அறும், பிறகு எந்த அளவு வைத்திருந்தும் ஒன்றுதான். சில போன்கள் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று செயலியையே தூங்க வைத்துவிடும். பேட்டரி சேமிப்பிலிருந்து செயலிக்கு விலக்கும் கொடுத்துவிடுங்கள்.

அப்பாவுக்காக | மார்ச் 18, மாலை 5.45

டாக்டர் மாத்திரையைப் பாதியாக்கிவிட்டார். அப்பா போனில் 80, 270. என் போனில் கீழ் மட்டும், 20 நிமிடத் தாமதத்தோடு. இப்போது நான் போன் போடாததால் “என்னடா, மறந்துவிட்டாயா?” என்கிறார்.

மலர்விழி | மார்ச் 18, இரவு 9.30

இப்போதைக்கு இப்படி ஓட்டுகிறேன்: பகல் 75, இரவு 80, முன்கணிப்பு இரண்டிலும். மேல் 200, தாமதம் 60, இரவில் 250. படுக்கும் முன் இரண்டு மணி நேரத்துக்குள் ஊசி போட்டிருந்தால் கீழே 90. வண்டி ஓட்டும் நாளிலும் கிளம்பும் முன் 90க்கு ஏற்றிவிடுகிறேன், அதற்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் சாவியை எடுப்பது. பகல் 75ஐ 70 ஆக்கலாம் என்கிறார் டாக்டர். நேற்று 66இல் லேசாக வியர்த்தது, ஆனால் ஒரு தடவையை நம்பி இறக்க மனம் வரவில்லை. அடுத்த சென்சார் முடியட்டும்.